ஜனவரி–மார்ச் 2025 விளம்பரக் கணக்கு: எந்த கேம்பெய்ன் சம்பாதிக்கிறது, எது பணத்தைக் கரைக்கிறது

வணக்கம் அண்ணா,

பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் ஆகிய நம் மூன்று பம்ப், மோட்டார் கடைகளுக்குமாக கூகுள் விளம்பரக் கணக்கில் 76 கேம்பெய்ன் ஓடுகிறது. மூன்று மாதச் செலவு ₹12,00,000. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த விசாரணை 2,400. சராசரியாக ஒன்றுக்கு ₹500. நாம் தாங்குவோம் என்று வைத்திருக்கும் ₹600-க்குள்தான் இருக்கிறது, அதனால் எல்லாம் சரியாகப் போவதுபோலத் தெரிகிறது. ஆனால் இந்தச் சராசரிக்கு அடியில் இரண்டு வேறு கணக்குகள் இருக்கின்றன.

விசாரணை அதிகம் தந்ததிலிருந்து கீழ்நோக்கி அடுக்கி, ஒவ்வொரு வரியிலும் அதுவரையிலான பங்கைக் கூட்டினேன், விசாரணை எண்ணிக்கை C பத்தியில் இருக்கிறது:

```
=SUM($C$2:C2)/SUM($C$2:$C$77)
```

முதல் 11 கேம்பெய்னிலேயே 1,896 விசாரணை வந்துவிட்டது, அதாவது 79 சதவீதம். அவற்றின் செலவு ₹5,40,000, மொத்தத்தில் 45 சதவீதம்தான். இதில் ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நம் கடைப் பெயரைத் தேடுபவர்களுக்கான கேம்பெய்ன் ₹46,000-க்கு 520 விசாரணை காட்டுகிறது. அவர்களில் பலர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். அதை இரு பக்கமும் கழித்தாலும், மற்ற 10 கேம்பெய்ன் மீதி விசாரணையில் 73 சதவீதத்தைத் தருகின்றன. ஆக, இந்தச் சாய்வு நிஜம்.

அப்புறம் வீண் செலவு. ஒவ்வொரு கேம்பெய்னின் செலவிலிருந்தும் விசாரணைக்கு ₹600 வீதம் கழித்து, அதற்கு மேல் போனதை மட்டும் வீண் என்று எடுத்துக்கொண்டேன். மொத்தம் ₹4,10,000. அதில் ₹3,30,000 வெறும் 9 கேம்பெய்னில் போயிருக்கிறது.

அவற்றில் பெரியது மலையாளத்தில் ஓடும் 'பம்ப் – பாலக்காடு மாவட்டம்'. ₹1,12,000 செலவு, 61 விசாரணை. நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றும். தேடல் சொற்களைத் திறந்து பார்த்தபோது விஷயம் வேறு. ₹33,000-க்கு 58 விசாரணை வந்திருக்கிறது, அது நம் வரம்புக்குள். மீதி ₹79,000-க்கு வந்தது மூன்றே மூன்று. அந்தப் பணம் போன தேடல்கள் இப்படி:

```
petrol pump near me
pump dealers in chittoor
cycle air pump
```

இரண்டாவதைக் கவனியுங்கள். நம் பக்கத்துச் சித்தூரையும் ஆந்திராவின் சித்தூரையும் ஆங்கிலத்தில் பலர் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். கேம்பெய்னில் இருப்பிடம் 'அங்கே இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்' என்று இருப்பதால், ஆந்திராவில் இருந்து தேடுபவருக்கும் நம் விளம்பரம் போகிறது. இருப்பிடத்தை 'அங்கே இருப்பவர்கள்' என்று மட்டும் மாற்றி, பெட்ரோல், சைக்கிள் போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். கேம்பெய்ன் பிழைத்துக்கொள்ளும்.

மற்ற தளங்களிலும் ஆப்களிலும் படமாகக் காட்டும் மூன்று டிஸ்ப்ளே கேம்பெய்னுக்கு அந்தச் சலுகை வேண்டாம். ₹1,38,000 செலவுக்கு நான்கு விசாரணை. கிளிக் பெரும்பாலும் விளையாட்டு ஆப்களுக்குள்ளிருந்து வருகிறது. இன்றே நிறுத்துகிறேன். மற்ற ஐந்தும் தேடல் கேம்பெய்ன்கள்தான், சொற்களை இறுக்கி ஒரு மாதம் பார்க்கலாம்.

நடுவில் 56 கேம்பெய்ன் இருக்கிறது. அவற்றில் 21 இன்னும் ₹1,800-கூடச் செலவழிக்கவில்லை. அவற்றை நல்லது, கெட்டது என்று சொல்வது நியாயமில்லை. ₹600-க்கு ஒரு விசாரணை தரக்கூடிய கேம்பெய்ன்கூட ₹600 செலவில் ஒன்றும் தராமல் போவதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல். அதே கேம்பெய்ன் ₹1,800 செலவிலும் ஒன்றும் தராமல் போவதற்கு 5 சதவீத வாய்ப்புதான். இந்த 21-ஐயும் ஊர்வாரியாக ஆறாகச் சேர்த்துவிடலாம்.

இந்தப் பட்டியலை மட்டும் நம்பி வெட்டக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். மீனாட்சிபுரத்துச் சப்மெர்சிபிள் மோட்டார் கேம்பெய்ன் 24 விசாரணைதான் தந்தது, நடுக்கூட்டத்தில் கிடக்கிறது. ஆனால் கடையின் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டால் 15 பேர் மோட்டார் வாங்கியிருக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைப்பவர்களும் இவர்களும் பட்டியலில் ஒரே எண்ணாகத்தான் தெரிகிறார்கள். அடுத்த முறை விற்பனை லாபத்தை வைத்து அடுக்க வேண்டும். அதற்குக் கடையில் விசாரணை எண்ணைப் பில்லில் எழுதும்படி தம்பிகளிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் இரண்டு நாள்தான் நடக்கிறது.

முதல் 11-ல் நான்கு கேம்பெய்னின் தினசரி பட்ஜெட் மதியத்திலேயே தீர்ந்துவிடுகிறது. விவசாயிகள் தோப்பிலிருந்து திரும்பி போன் எடுக்கும் மாலையில் நம் விளம்பரமே இல்லை. மேலே மிச்சமாகும் பணத்திலிருந்து மாதம் ₹40,000-ஐ இந்த நான்குக்கும் மாற்றக் கேட்கிறேன். ஒரே நாளில் வேண்டாம், ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் வரை ஏற்றலாம். கூடுதலாக வரும் விசாரணை இப்போதுள்ள ₹285 சராசரிக்குக் கிடைக்காது, விலை ஏறத்தான் செய்யும். ₹600-ஐத் தொடும் இடத்தில் நிறுத்திவிடுவேன்.

இவை வெயில் காலத்து எண்கள். ஜூனில் மழை பிடித்தால் மோட்டார் தேவை குறைந்து வரிசை மாறும், அதனால் ஜூலையில் இதே கணக்கைத் திரும்பப் போட்டு அனுப்புகிறேன். டிஸ்ப்ளேயும் இருப்பிட மாற்றமும் இன்று முடிந்துவிடும். பட்ஜெட் மாற்றத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் சம்மதம் வேண்டும்.