ஒரு டி-சர்ட்டின் 119 ரூபாய் 78 பைசா
வியூக மேலாண்மை வகுப்பு: மதிப்புச் சங்கிலிப் பகுப்பாய்வு, செய்து காட்டிய எடுத்துக்காட்டு

நாம் எடுத்துக்கொள்வது திருப்பூரில் உள்ள ஒரு நடுத்தரப் பனியன் ஏற்றுமதி யூனிட். உரிமையாளர் கணக்கைக் காட்டச் சம்மதித்தார், பெயரைச் சொல்லச் சம்மதிக்கவில்லை. 75 தையல் மெஷின்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் டி-சர்ட்டுகள். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை சொந்தக் கூரைக்குள் நடக்கிறது. நூலைத் துணியாக்கும் நிட்டிங், சாயம், சாயமிட்ட துணியின் அகலத்தையும் எடையையும் நிலைப்படுத்தும் காம்பாக்டிங் மூன்றும் வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் ஜாப் ஒர்க். அவர் கேட்ட கேள்வி இதுதான்: “பக்கத்து யூனிட்காரர் 122 ரூபாய்க்கு ஆர்டர் எடுக்கிறார். நான் 128-க்குக் கீழே இறங்க முடியவில்லை. எங்கே விடுகிறேன்?”

ஆர்டர்களில் பெரும்பங்கு 30-ஆம் நம்பர் கோம்டு நூலில், சதுர மீட்டருக்கு 160 கிராம், அதாவது 160 ஜி.எஸ்.எம்., எடையுள்ள சிங்கிள் ஜெர்சி துணியில் தைக்கும் ஆண்கள் ரவுண்ட் நெக். ஒரு பீஸுக்கு 190 கிராம் துணி போகிறது. அதன் செலவு, ரூபாயில்:

நூல்: 54.73
நிட்டிங்: 2.48
சாயம்: 17.55
காம்பாக்டிங்: 1.52
கட்டிங்: 2.00
தையல்: 11.00
செக்கிங், அயர்னிங், பேக்கிங்: 5.00
லேபிள், தையல் நூல், பாலி பேக், அட்டைப்பெட்டி: 7.00
துறைமுகம் வரை: 2.50
ரிஜெக்‌ஷன்: 3.00
அலுவலகம், மெர்ச்சண்டைசர், வாடகை, மின்சாரம், வட்டி: 13.00
மொத்தம்: 119.78

நூல் கிலோ 265 ரூபாய், சாயம் கிலோ 85, சாயத்தில் போகும் எடை இழப்பு 8 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு. முதல் நான்கு வரியையும் கூட்டினால் 76.28. அதாவது செலவில் 64 சதவீதம் துணியாகவே உள்ளே வந்துவிடுகிறது. தையல் 9 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லாருடைய கண்ணும் தையல் கூலியின் மேல்தான் போகிறது.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1985-இல் முன்வைத்த மதிப்புச் சங்கிலிச் சட்டகம், நிறுவனத்தின் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. சரக்கு உள்ளே வருவது, உற்பத்தி, சரக்கு வெளியே போவது, விற்பனை, விற்றபின் சேவை ஆகிய ஐந்தும் முதன்மைச் செயல்பாடுகள். பொருள் நம் கையில் உருமாறி வாங்குபவர் கைக்குப் போகும் பாதை அது. கொள்முதல், தொழில்நுட்ப மேம்பாடு, மனிதவளம், நிறுவனக் கட்டமைப்பு ஆகிய நான்கும் துணைச் செயல்பாடுகள். இவை பொருளைத் தொடுவதில்லை. தொடுகிற ஒவ்வொரு கையையும் தாங்கி நிற்கின்றன.

மாணவர்கள் தவறாமல் சறுக்கும் ஓர் இடம் உண்டு. நூல் லாரி வந்து இறங்குவது முதன்மைச் செயல்பாடு. எந்த மில்லில், எந்த விலைக்கு, எத்தனை லாட் வாங்குவது என்று முடிவெடுப்பது துணைச் செயல்பாடு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் பகுப்பாய்வு அங்கேயே செத்துவிடும். காரணத்தைக் கீழே பார்ப்போம்.

மேலே உள்ள பட்டியல் கணக்குப் பிள்ளையின் பட்டியல். அதில் துணைச் செயல்பாடுகள் எல்லாம் 13 ரூபாய் என்ற ஒரே வரியில் முடங்கிக் கிடக்கின்றன. அதைப் பிரித்துக் கேட்டேன். பேட்டர்னும், அதன் துண்டுகளைத் துணியில் வீணில்லாமல் அடுக்கிக் காட்டும் மார்க்கரும் போடுபவர் யார்? கட்டிங் மாஸ்டரே கையால் போடுகிறார். துணியின் ஜி.எஸ்.எம். யார் பார்க்கிறார்? காம்பாக்டிங் பட்டறை கொடுக்கும் சீட்டை நம்புகிறார்கள். தொழில்நுட்ப மேம்பாடு என்ற பெட்டியில் இந்த யூனிட் செலவழிப்பது ஏறக்குறைய பூஜ்யம். உரிமையாளர் அதைச் சிக்கனம் என்று பெருமையாகவே சொன்னார்.

அடுத்து, எது சாதகம், எது வெறும் செலவு என்று பிரிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவில் விழும் செலவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே சாதகம் இல்லை. சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை வந்தது. அந்தச் செலவு சாயத்தின் கிலோ 85 ரூபாய்க்குள் இருக்கிறது. ஆற்றுக்கும் கீழ்மடை விவசாயிக்கும் நியாயமாகச் சேர வேண்டிய பணம் அது, குறைக்க வழி தேடக் கூடாத பணம். அதோடு, ஊரில் முறையாகத் தொழில் செய்யும் எவருக்கும் அது பொது. ஒரு செயல்பாட்டின் செலவை ஏற்றி இறக்குபவை என்று போர்ட்டர் சொல்லும் செலவுக் காரணிகளில் இது நிறுவனம் சாராத, சட்டமும் அரசும் தீர்மானிக்கும் வகை. ஐரோப்பாவுக்குள் தீர்வையின்றி நுழையும் வங்கதேசத்தோடு போட்டியிட்ட திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வகைக் காரணியின் வலி நன்றாகத் தெரியும். ஆனால் பக்கத்து யூனிட் 122-க்கு எடுப்பதை அது விளக்காது. நூலின் சந்தை விலையும் விளக்காது. இருவரும் ஒரே ஊர், ஒரே மில்கள்.

ஆகவே தேட வேண்டியது நாம் வேறாகச் செய்யும் இடங்களை. இந்த யூனிட்டில் அப்படி மூன்று கிடைத்தன.

முதலாவது, எடை. வாங்குபவர் கேட்பது 160 ஜி.எஸ்.எம். வந்த துணியில் பத்து ரோல்களை வெட்டி எடைபோட்டோம், சராசரி 164. சகிப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது, யாரும் குறை சொல்லப் போவதில்லை. குறைந்தால் ஆர்டர் திரும்பும், கூடினால் கேள்வியில்லை என்பதால் காம்பாக்டிங்கில் கை எப்போதும் கூடுதல் பக்கமே சாய்கிறது. விளைவாக ஒவ்வொரு பீஸிலும் ஏறக்குறைய நாலரை கிராம் துணியை இலவசமாக ஏற்றுமதி செய்கிறோம். இதோடு மார்க்கரையும் பாருங்கள். நிட்டிங் மெஷினின் டயா, அதாவது துணியின் அகலத்தைத் தீர்மானிக்கும் விட்டம், ஒன்றாகவும், சைஸ் கலவை வேறாகவும் இருந்தால் ஓரத்தில் துணி வீணாகும். சைஸ் விகிதத்துக்கு ஏற்ப டயாவை முன்கூட்டியே சொல்லி, மார்க்கரைக் கணினியில் போட்டால் இன்னும் ஒன்றரை கிராம் மிஞ்சும். மொத்தம் 6 கிராம். முடிந்த துணி கிலோ 401.50 என்பதால் பீஸுக்கு 2.41. கட்டிங் வேஸ்ட் விற்பனையில் குறையும் பைசாக்களைக் கழித்தாலும் 2.30-க்குக் குறையாது. ஆண்டுக்கு 34.5 லட்சம்.

இதற்கு ஆகும் செலவு: மார்க்கர் போடத் தெரிந்த ஒருவர், மாதம் 35,000. துணி வந்ததும் எடைபோட்டு, தவறினால் பட்டறைக்கே திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ள ஒருவர், மாதம் 18,000. ஆண்டுக்கு 6.36 லட்சம், பீஸுக்கு 42 பைசா. துணைச் செயல்பாட்டின் செலவு ஏறுகிறது, உற்பத்தியின் செலவு அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இறங்குகிறது. 13 ரூபாய் வரியை 12 ஆக்கு என்று சொல்லும் மேலாளர் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது, ஏனென்றால் எந்தப் பட்டியலிலும் அது தெரிவதில்லை. சென்ற ஆண்டு கொள்முதல் பிரிவு ஒரே மில்லில் வாங்கும் வழக்கத்தை விட்டு, வாரத்துக்கு வாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கத் தொடங்கியது. கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம். பீஸுக்கு 1.03, ஆண்டுக்கு 15.5 லட்சம். கொள்முதல் மேலாளருக்கு ஊக்கத்தொகை கிடைத்தது.

ஆனால் வெவ்வேறு மில்களின் லாட் கலந்த நூல் சாயத்தை ஒரே மாதிரி ஏற்காது. துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். மறுசாயத்துக்குப் போகும் துணி 3 சதவீதத்திலிருந்து 9 சதவீதமானது. கூடிய 6 சதவீதம் என்பது 18,585 கிலோ. நூல்தான் காரணம் என்பதால் பட்டறை பொறுப்பேற்கவில்லை. கிலோவுக்கு 60 ரூபாய் வீதம் 11.15 லட்சம் இங்கே போயிற்று. மறுசாயத்தால் நாள் தள்ளிப் போய், தலா 12,000 பீஸ் கொண்ட இரண்டு கன்சைன்மென்ட்கள் கப்பலைத் தவறவிட்டன. எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் கப்பல் வாடகை வாங்குபவருடையது. தாமதம் நம்முடையது என்றால் விமானச் செலவு நம் தலையில். பீஸுக்கு 50 ரூபாய், மொத்தம் 12 லட்சம். 15.5 லட்சம் மிச்சம் பிடிக்க 23.15 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். பீஸுக்கு 1.03 வந்தது, 1.54 போனது.

இந்தப் பணம் கணக்கில் எங்கே இருந்தது தெரியுமா? மறுசாயம் “இதர உற்பத்திச் செலவு” என்றும், விமானக் கட்டணம் “ஏற்றுமதிச் செலவு” என்றும் ஆண்டுக் கணக்கில் தனித்தனியாகக் கிடந்தது. 119.78-இல் அது சேரவே இல்லை. கொள்முதல் என்ற துணைச் செயல்பாட்டில் எடுத்த முடிவு, உற்பத்தியிலும் சரக்கு வெளியேறும் இடத்திலும் வலித்தது. போர்ட்டர் இதை இணைப்பு என்கிறார். பெட்டிகளைப் பிரித்து வரைவதன் பயனே இந்தக் கோடுகளை வரைய முடிவதுதான். நூல் வாங்குவதையும் நூல் வந்து இறங்குவதையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால், விலை குறைந்தது, நல்லது என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

மூன்றாவது, தையல். பீஸ் ரேட்டில் 10 சதவீதம் குறைத்தால் 1.10 மிச்சம் என்று உரிமையாளர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். நான் கடுமையாக மறுத்தேன். அடுத்த தெருவில் பத்து யூனிட்கள் போர்டு மாட்டி டெய்லர் தேடுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதே இவர்களுக்குப் பெரிய கவலை. புதிதாக வருபவர் முதல் ஆறு வாரம் பாதி உற்பத்திதான் கொடுப்பார் என்று லைன் சூப்பர்வைசரே சொன்னார். வாடகையும் வட்டியும் மெஷின் சும்மா நின்றாலும் ஓடும். கற்றல், திறன் பயன்பாடு என்ற இரண்டு செலவுக் காரணிகளும் இங்கே பழைய டெய்லரின் பக்கம்தான் நிற்கின்றன. 11 ரூபாயில் கை வைப்பது 13 ரூபாயை வீங்க வைக்கும். கூலியால் வாழும் ஒரு குடும்பத்திடம் அந்த 1.10-ஐக் கேட்பதற்கு முன், இலவசமாக அனுப்பும் நாலரை கிராமை நிறுத்துவது நம் கடமை.

முதல் இரண்டையும் கூட்டுவோம். எடையிலும் மார்க்கரிலும் நிகரமாக 1.88. பழைய மில்லுக்குத் திரும்பினால் நிகரமாக 51 பைசா. சேர்த்து 2.39. இது உரிமையாளரை 128-இலிருந்து 125.60-க்குக் கொண்டுவரும், 122-க்கு அல்ல. மீதி 3.60-க்கு வேறு விளக்கம் வேண்டும். பக்கத்து யூனிட்டுக்குச் சொந்த நிட்டிங் இருக்கிறது. அந்த ஒருங்கிணைப்பு எவ்வளவு தரும் என்று பார்க்கலாம். ஆனால் நிட்டிங் முழுவதுமே 2.48 என்பதை மறக்காதீர்கள். அவர் லாபத்தைக் குறைத்துக்கொண்டு எடுக்கிறார் என்றால், அது செலவுச் சாதகமே அல்ல.

அடுத்த வகுப்புக்கு: ரிஜெக்‌ஷனுக்கான 3 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது செக்கிங் டேபிளில் கண்டுபிடிக்கப்படுகிறது. எந்தெந்தச் செயல்பாட்டில் பிறக்கிறது என்று கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தொகை எழுதி வாருங்கள்.