பாலாற்றங்கரையில் ஒரு பேச்சுவார்த்தை: தண்ணீரும் வேலையும்

ஊராட்சித் தலைவர்களுக்கும் ஊரக மேலாண்மை மாணவர்களுக்கும் எழுதிய பயிற்சி நாடகம் இது. நடிப்பவர்கள் இருவர், கவனிப்பவர் ஒருவர். மொத்தம் 45 நிமிடம். பொதுக் குறிப்பை எல்லோரும் படிக்கலாம். தனிக் குறிப்புகளை உறையிலிட்டு அவரவரிடம் மட்டும் கொடுங்கள். எதிராளியின் உறையை முன்பே பார்த்துவிட்டால் பயிற்சி வீண்.

பொதுக் குறிப்பு

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில், பாலாற்றை ஒட்டி ஒரு கற்பனை ஊராட்சி. ஊர் எல்லையில் 30 ஆண்டுகளாக ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, இயங்குகிறது. 180 பேர் வேலை செய்கிறார்கள், அதில் உள்ளூர்க்காரர்கள் 22 பேர். இப்போது ஷாப்பை விரிவாக்கி இன்னும் 60 பேரை எடுக்கப் போகிறார்கள். இதற்கிடையில் ஆற்றோரம் இரண்டு விவசாயக் கிணறுகள் உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டன, தென்னை காய்ப்பு குறைந்துவிட்டது. காலம் டிசம்பர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரம்.

ஊரும் ஷாப்பும் கற்பனை, பின்னணி உண்மை. பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு பாழாக்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாலாற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தந்து, அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தபின்னும் ஊர்க்காரர்கள் ஷாப் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பயிற்சி.

ஒரு தொழில்நுட்ப விஷயத்தை இருவருமே புரிந்துகொண்டு உட்கார வேண்டும். தோலைப் பதனிடப் போடும் குரோமியத்தைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசுவார்கள். அது ஆபத்தானதுதான், ஆனால் அதைச் சேறாகப் படியவைத்துப் பிரித்துவிட முடியும். உப்பு அப்படியல்ல. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். கிருமிகளை வைத்துச் சுத்திகரிக்கும் தொட்டி எதுவும் அதை எடுக்காது. ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் கெட்டி உப்புநீரைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். அதில் மிஞ்சும் உப்பை மழை படாமல் வைக்கக் கூரைபோட்ட கொட்டகை வேண்டும். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் உப்பு நிலத்தடிக்குப் போய்விடும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம்.

தலைவரின் தனிக் குறிப்பு

உங்களுக்கு 47 வயது. முன்பு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர், முதல்முறை தலைவரானவர். இரண்டு கிணறுகளிலும் நீர் எடுத்துச் சோதித்திருக்கிறீர்கள்: கரைந்த உப்பு லிட்டருக்கு 3,400, 2,900 மில்லிகிராம். அக்டோபரில் சுமார் மூன்று வாரம் ஷாப்புக்கு விறகு லாரி வரவில்லை என்று கடைத்தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆவியாக்கிக்கு நீராவி தரும் பாய்லர் விறகில் ஓடுவது. இதற்குமேல் உங்களிடம் ஆதாரம் இல்லை.

கட்டாயம் பெற வேண்டியவை: ஆவியாக்கி நின்றால் ஊறலும் நிற்க வேண்டும், ஷாப் மதிலுக்கு வெளியே ஒரு கண்காணிப்புக் கிணறு, ஒப்பந்தக்காரர் வழியாக இல்லாமல் ஷாப்பின் நேரடிப் பதிவேட்டில் வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு.

எடுத்தவுடன் சொல்லக் கூடாதது: இந்த ஷாப்பின் தோலை வாங்கும் தையல் யூனிட்டில் உங்கள் ஊர்ப் பெண்கள் 70 பேர் இருக்கிறார்கள். ஷாப்பை மூடினால் அவர்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் மூடச் சொல்லி மிரட்ட உங்களால் முடியாது. பேச்சு முறிந்தால் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுப்பீர்கள்.

இன்னொன்று. உங்கள் தம்பிக்குக் கேன்டீன் காண்டிராக்ட் தருவதாக ஒருவர் காதில் போட்டிருக்கிறார். அந்தப் பேச்சு மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேலாளரின் தனிக் குறிப்பு

உங்களுக்கு 52 வயது. தோல் தொழில்நுட்பம் படித்தவர், இந்த ஷாப்பில் ஆறு ஆண்டுகள். அக்டோபரில் ஆவியாக்கிக் குழாய்களில் உப்புப் படிந்து 19 நாள் நின்றுபோனது. கெட்டி உப்புநீரைத் தார்ப்பாய் விரித்த குளத்தில் தேக்கினீர்கள். ஒரு மழை இரவில் அது வழிந்தது. முதலாளியிடம் பாதிதான் சொன்னீர்கள். பிப்ரவரியில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கை, மார்ச்சில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை புதுப்பிப்பு. ஊர் வாயைத் திறந்தால் இரண்டுமே சிக்கல்.

உங்கள் கையெழுத்தில் 18 லட்சம் வரை செலவு செய்யலாம். 25 உள்ளூர்க்காரர்களை எடுக்கலாம். அதற்குமேல் முதலாளியைக் கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 90 ரூபாய் மிச்சம், அதனால் நேரடிப் பதிவேட்டைத் தள்ளிப்போடப் பாருங்கள்.

ஒரே ஒரு விதி: ஆவியாக்கி நின்றதா என்று நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. சுற்றிவளைக்கலாம், நேரம் கேட்கலாம்.

காட்சி: ஷாப் அலுவலகம், காலை 11 மணி

(இந்த உரையாடலை அப்படியே நடிக்க வேண்டும். முடிந்த இடத்திலிருந்து சொந்தமாகத் தொடர வேண்டும்.)

மேலாளர்: வாங்கம்மா, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?

தலைவர்: அப்புறம் குடிக்கலாம் சார். வந்ததைப் பேசிடலாம்.

மேலாளர்: நல்ல சேதியோடதான் கூப்பிட்டேன். புதுசா எடுக்கிற 60 பேர்ல 25 பேர் உங்க ஊரு. நீங்க விரிவாக்கத்துக்கு ஆட்சேபனை இல்லைன்னு ஊராட்சி லெட்டர்பேடுல ஒரு கடிதம் தந்தா போதும்.

தலைவர்: வேலையைப் பத்தித் தனியா பேசுவோம், தண்ணியைப் பத்தித் தனியா பேசுவோம். ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதாதீங்க சார்.

மேலாளர்: தண்ணிக்கு என்னம்மா? சொட்டு கூட வெளியே விடறதில்லை. ஆர்.ஓ. இருக்கு, ஆவியாக்கி இருக்கு. வேணும்னா சுத்திப் பாருங்க.

தலைவர்: இருக்கறதைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அக்டோபர்ல ஓடுச்சா?

மேலாளர்: (சற்று நிறுத்தி) மழைக்காலத்துல பராமரிப்பு வேலை வரும்மா. எல்லா ஷாப்லயும் உண்டு.

தலைவர்: பராமரிப்பைக் கேக்கலை. விறகு லாரி எங்க கடைத்தெருவைத் தாண்டித்தான் வரணும். மூணு வாரம் ஒரு வண்டி கூட வரலை. விறகு இல்லாம பாய்லர் எப்படி எரிஞ்சது? ஆவியாக்கி நின்னுதா இல்லையா?

மேலாளர்: ...நின்னுது. குழாய்ல உப்பு கட்டிக்கிச்சு. சரி பண்ணிட்டோம்.

தலைவர்: அந்த மூணு வாரத்துல தோல் ஊறப் போட்டீங்களா?

மேலாளர்: போட்டோம். ஆர்டர் இருந்தது.

தலைவர்: அப்போ அந்த உப்புத்தண்ணி எங்க போச்சு?

மேலாளர்: குளத்துல தேக்கினோம். ஒரு ராத்திரி மழை பெருசாப் பிடிச்சுக்கிச்சு. பதிவேட்டை நாளைக்குக் காட்டறேன்.

தலைவர்: இன்னிக்கே காட்டுங்க. உங்களைக் குத்தம் சொல்ல வரலை சார். அடுத்த அக்டோபர்ல இது நடக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆவியாக்கி நின்ன 24 மணி நேரத்துல புதுத் தோல் ஊறப் போடறதை நிறுத்தணும். அதை எழுத்துல கொடுங்க.

மேலாளர்: அது முடியாதும்மா. தோல் அழுகிடும், லட்சக்கணக்குல நஷ்டம்.

தலைவர்: உப்புப் போட்ட தோல் ஒரு வாரத்துல அழுகிடுமா? எங்க மாமனார் இதே தொழில்லதான் இருந்தாரு. நிழல்ல அடுக்கி வெச்சா எவ்வளவு நாள் தாங்கும்னு எனக்கும் தெரியும்.

மேலாளர்: (மெல்லச் சிரித்து) சரி, 24 மணி நேரம் வேண்டாம், 72 போடுங்க. உப்புக் கொட்டகைக்குக் கூரையும் இந்த மாசமே போடறேன். ஊற வைக்கறதுக்கு முன்னாடி தோலை உதறி உப்பை எடுக்க ஒரு சுழல் டிரம்மும் வாங்கறேன். தண்ணியில போற உப்பு அங்கேயே குறைஞ்சுடும்.

தலைவர்: நல்ல விஷயம். மணி நேரத்தைப் பதிவேட்டைப் பாத்துட்டுப் பேசலாம். கண்காணிப்புக் கிணறு?

மேலாளர்: மதிலுக்கு உள்ளே ஒண்ணு இருக்கே.

தலைவர்: வெளியே வேணும். மாசம் ஒரு தடவை உங்க ஆளும் எங்க ஆளும் சேர்ந்து தண்ணி எடுத்து, ரெண்டு பாட்டில்ல சீல் வெச்சு, ஆளுக்கு ஒண்ணு. ரிசல்ட்டை ஊராட்சிப் பலகையில ஒட்டுவோம்.

மேலாளர்: பலகையில ஒட்டினா நாளைக்கே எவனாவது போட்டோ எடுத்துப் போட்டுடுவான்.

தலைவர்: நல்லா இருந்தா உங்க வாடிக்கையாளரும் பாக்கட்டுமே சார்.

மேலாளர்: யோசிக்கறேன். வேலைக்கு வருவோம். 25 பேர், காண்டிராக்டர் மூலமா, அடுத்த மாசமே.

தலைவர்: என்ன வேலை?

மேலாளர்: தொட்டி சுத்தம், சேறு அள்றது, டிரம் பக்கத்துல உதவி...

தலைவர்: 2015-ல ராணிப்பேட்டையில சேத்துத் தொட்டி உடைஞ்சு 10 பேர் செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க பிள்ளைங்களை அங்க மட்டும் நிறுத்தாதீங்க. வெளியூர்ப் பிள்ளைங்களையும் நிறுத்தாதீங்க. தொட்டியில மனுஷன் இறங்கற வேலையே வேண்டாம், பம்பு வெச்சு எடுங்க. எங்க ஊர்ல கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுங்க நாலு பேர் வீட்ல இருக்காங்க. லேப்ல எடுங்க. சுத்திகரிப்பு நிலையத்துல ஷிப்டுக்கு ஒருத்தர் எங்க ஆளா இருக்கட்டும்.

மேலாளர்: யாருன்னு நீங்களே பேர் எழுதிக் கொடுங்களேன். கேன்டீனுக்குக் கூட உங்க வீட்டு ஆளை...

(உரையாடல் இங்கே நிற்கிறது. இனி இருவரும் தங்கள் உறையை வைத்துப் பேசலாம். 20 நிமிடம்.)

பத்தாவது நிமிடம் தர வேண்டிய சீட்டு

இதைக் கவனிப்பவர் இருவருக்கும் சேர்த்து உரக்கப் படிக்க வேண்டும்: "கிணற்றுக்காரர் ஒருவர் வாசலில் நிற்கிறார். ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுத்தால் புகாரை விட்டுவிடுகிறோம் என்கிறார். முதலாளி போனில் சம்மதித்துவிட்டார்."

பணம் கிணற்றுக்காரருக்கு நியாயமாகச் சேர வேண்டியது. அதைத் தலைவர் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த ரசீதோடு தண்ணீர்ப் பேச்சு முடிந்துபோகாமல் காப்பது அவர் வேலை. மேலாளருக்கும் நெருக்கடிதான்: இந்தப் பத்து லட்சம் அவருடைய 18 லட்சத்திலிருந்தே போகும். கொட்டகையா, டிரம்மா, கிணறா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

கவனிப்பவருக்கு

யார் அதிகம் பேசினார் என்று எண்ண வேண்டாம். 70 பெண்களைப் பற்றித் தலைவர் எப்போது, எதற்காகச் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பயத்தில் உளறினாரா, ஷாப் ஒழுங்காக ஓட வேண்டும் என்ற பொது அக்கறையாகச் சொன்னாரா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. மேலாளர் நின்றுபோன 19 நாளையும் முழுதாக ஒப்புக்கொண்டாரா, பதிவேடு உண்மையில் மேசைக்கு வந்ததா, பாருங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் பட்டியலைத் தலைவர் தன் கையில் வாங்கிக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். அறிவிப்பு ஒட்டி, கிராம சபையில் படித்து எடுக்கும் முறையைக் கேட்கும்வரை அந்த இடத்தைத் திரும்ப நடிக்கச் சொல்லுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டதை இருவரும் ஒரே தாளில் கைப்பட எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தேதி, பொறுப்பாளி, மீறினால் என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். "விரைவில்", "முடிந்தவரை" என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். கண்காணிப்புக் கிணற்றின் சாவி யாரிடம் இருக்கும் என்ற வரி விடுபட்டிருந்தால், இரண்டாம் சுற்றில் வேடத்தை மாற்றிக்கொண்டு அதிலிருந்தே தொடங்கட்டும்.