நியூ பேட்ச்! அட்மிஷன் ஓபன்! மாடி வீட்டு டியூஷன், ஜூன் 15 முதல்

8, 9, 10ஆம் வகுப்பு | சமச்சீர் பாடத்திட்டம்
தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டும் ஒரே வகுப்பில்
டமில் மீடியம் அண்ட் இங்கிலீஷ் மீடியம், சேம் ரூம், சேம் டீச்சர்!

நம் தெருப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூன் 15, திங்கட்கிழமை மாலை புது பேட்ச் தொடங்குகிறது. போன வருடம் மாடி ஹாலில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதனால் இந்த முறை ஒரு வகுப்புக்கு 15 பேர்தான். பதினாறாவது ஆளாக யாருடைய சிபாரிசில் வந்தாலும் இடம் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் இரண்டு மீடியமும் ஒன்றாக?

தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியதும் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. ‘ஒளிவிலகல்’ என்றால் படத்தோடு விளக்குவாள், ‘ரிஃப்ராக்ஷன்’ என்றால் விழிப்பாள். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைக்கு இதே கதை தலைகீழ்: ‘டேன்ஜென்ட்’ வரைவான், ‘தொடுகோடு’ என்று வீட்டில் அப்பா கேட்டால் தெரியாது. இங்கே போர்டில் எப்போதும் இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பரீட்சையை மட்டும் அவரவர் மீடியத்தில் எழுதினால் போதும்.

டென்த் ஸ்டாண்டர்ட்: ஸ்பெஷல் ஃபோகஸ் ஆன் மேத்ஸ் அண்ட் சயின்ஸ்

கணக்கில் 100க்கு 16 மார்க் ஜியோமெட்ரிக்கும் கிராபுக்கும். தலா 8 மார்க். வருடம் முழுக்கப் பழகினால் கையில் வந்து விழுகிற மார்க் இது. ஆனால் எங்கே கோட்டை விடுகிறார்கள் தெரியுமா? உதவிப்படம் போட மாட்டார்கள். மழுங்கின பென்சிலால் வரைந்து, காம்பஸ் வில்லை ரப்பரால் அழித்துவிடுவார்கள். கிராபில் வளைவரை அழகாக இருக்கும், மூலையில் அளவுத்திட்டம் இருக்காது. அதனால் வெள்ளிக்கிழமை மாலை முழுக்க வரைவது மட்டும்தான். ஜியோமெட்ரி பாக்ஸ், சீவின பென்சில் இரண்டு, கிராப் நோட்டு இல்லாமல் அன்றைக்கு மாடிப்படி ஏற வேண்டாம்.

அறிவியலில் பிராக்டிகல், இன்டர்னல் என்று 25 மார்க் பள்ளியிலேயே வந்துவிடுகிறது, 75க்குத்தான் எழுத்துத் தேர்வு. அதைச் சொல்லிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. எழுத்துத் தேர்வில் தனியாக 20 எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மொத்தம் 35 தாண்டினாலும் பாஸ் இல்லை. எனவே ஒரு மார்க் கேள்விகளுக்கு வாரம் ஒரு டெஸ்ட் உண்டு.

எய்த் ஸ்டாண்டர்ட்: என்.எம்.எம்.எஸ். கோச்சிங்

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். இதில் தேர்வானால் 9ஆம் வகுப்பிலிருந்து 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நம் தெருவிலேயே பல பேருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பது தெரியாது, அதனால்தான் பெரிதாகப் போட்டிருக்கிறேன். மனத்திறன் பகுதிக்கு சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை வகுப்பு. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

டைமிங்ஸ் (திங்கள் முதல் வெள்ளி வரை)
8, 9ஆம் வகுப்பு: மாலை 5.00 – 6.30
10ஆம் வகுப்பு: மாலை 6.30 – 8.30

பெண் பிள்ளைகளை 8.30க்கு வீட்டார் வந்து கூட்டிப் போகவும். வரும் வரை கீழ்த் திண்ணையில் நானும் கூட உட்கார்ந்திருப்பேன்.

மந்த்லி ஃபீஸ்
8, 9ஆம் வகுப்பு: ரூ.500
10ஆம் வகுப்பு: ரூ.800
அட்மிஷன் ஃபீஸ் கிடையாது. ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை வந்தால் பாதிதான். மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். கஷ்டம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், பிள்ளை கையில் சொல்லி அனுப்ப வேண்டாம்.

ஃப்ரீ டெமோ கிளாஸ்: ஜூன் 13, சனிக்கிழமை மாலை 5 மணி. பேரண்ட்ஸ் ஆர் வெல்கம்!
அம்மா, அப்பா, பாட்டி யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

‘நூற்றுக்கு நூறு கேரண்டி’ என்று இந்த நோட்டீஸில் போடவில்லை. போடச் சொல்லி பிரிண்டிங் கடைத் தம்பி கெஞ்சினார். சி.பி.எஸ்.இ. பாடம் இங்கே எடுப்பதில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூவும் இப்போதைக்கு இல்லை.

சேருவதற்கு: போன பரீட்சை மார்க் ஷீட் நகல் ஒன்று, கூடவே பிள்ளை. மார்க் குறைவாக இருந்தாலும் தயங்காமல் கொண்டு வாருங்கள், எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்கிறேன்.

இடம்: பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, தண்ணீர் டேங்க் தாண்டி பச்சை கேட் வீடு, முதல் மாடி.
கான்டாக்ட் இன் பர்சன்: தினமும் காலை 7 முதல் 8.30 வரை. வகுப்பு நடுவில் போன் எடுப்பதில்லை, அதனால் நம்பர் போடவில்லை. கேட்டில் மணி இருக்கிறது, இரண்டு தடவை அடியுங்கள். நாய் கட்டித்தான் இருக்கும்.