மெர்ச்சண்டைசிங் மேனேஜர் விண்ணப்பம்: சீனியர் மெர்ச்சண்டைசர் இடம் பற்றி

வணக்கம் கார்த்திகா,

மெர்ச்சண்டைசிங் மேனேஜர் வேலைக்கு நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயைப் படித்தேன். திங்கட்கிழமை எங்கள் ஜிஎம்மோடு உட்கார்ந்து இன்னொரு முறையும் பார்த்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்துக்கு உங்களை இப்போது எடுக்க முடியாது. ஆனால் இதே திருப்பூர் யூனிட்டில் சீனியர் மெர்ச்சண்டைசர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு உங்களை நேர்காணலுக்குக் கூப்பிடுகிறோம்.

காரணம் தெரியாமல் கீழே ஒரு படி இறங்கச் சொன்னால் யாருக்கும் மனசு ஒப்பாது. மேனேஜருக்குக் கீழே இங்கே ஆறு பேர், அவர் பொறுப்பில் ஐந்து பையர்கள். நூல் விலை, நிட்டிங், டையிங், தையல் கூலி எல்லாம் கூட்டி விலை போட்டுக் கொடுத்த பிறகு, பையர் பீஸுக்குப் பத்து சென்ட் குறைக்கச் சொன்னால் எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று அங்கேயே பதில் சொல்ல வேண்டும். கப்பலை விட்டுவிட்டுச் சரக்கை ஏரில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவும் அவர் தலையில்தான். உங்களுக்கு நாலரை வருட அனுபவம். அதில் முதல் ஒன்றரை வருடம் சாம்பிள் ஃபாலோ-அப். காஸ்டிங் ஷீட்டை மேனேஜருக்கு உதவியாகத் தயாரித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆட்களை வைத்து வேலை வாங்கியதாக எதுவும் இல்லை.

சரி, சீனியர் இடம் ஏன் பொருந்தும்? குழந்தைகள் உடை ஆர்டர் ஒன்றில் பாடி துணியும் கழுத்து ரிப்பும் பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாகவும், டிஎல்84 விளக்கில் வேறு வேறாகவும் தெரிந்ததைக் கட்டிங்குக்கு முன்பே பிடித்து, ரிப்பை மட்டும் ரீடையிங் போட்டு, தேதி தவறாமல் அனுப்பியிருக்கிறீர்கள். ரெஸ்யூமேயில் நான்கே வரிதான். எங்கள் ஜிஎம் அதைத்தான் இரண்டு தடவை படித்தார். லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்காமல் 'ஓகே' போட்டுவிட்டு, துணி வெட்டிய பிறகு தவிப்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இந்த வேலையில் இரண்டு பையர்கள் முழுக்க உங்கள் பொறுப்பு. ஒரு ஜூனியர் உங்களுக்குக் கீழே இருப்பார். காஸ்டிங்கை நீங்களே போட வேண்டும், மேனேஜர் பார்த்து ஒப்புதல் தருவார். மேனேஜர் வேலைக்கு எதெல்லாம் குறைகிறது என்று மேலே சொன்னேனோ, அதெல்லாம் இங்கே தினமும் கைக்கு வரும். சம்பளம் மாதம் 38,000 முதல் 43,000 வரை. மேனேஜர் சம்பளத்தை மனதில் வைத்து விண்ணப்பித்த உங்களுக்கு இது குறைவுதான், தெரியும். இத்தனை வருடத்தில் மேனேஜர் ஆகிவிடலாம் என்று வாக்குக் கொடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை.

சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம், நானே மாற்றிவிடுகிறேன். அடுத்த புதன்கிழமை காலை 11 மணிக்கு நேர்காணல். நீங்கள் போட்ட டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட் ஒன்றை, பையர் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு, எடுத்து வாருங்கள். அப்புறம், வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்தவரைக் கூப்பிடும்முன் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன்.

அன்புடன்,
சுமதி
மனிதவளப் பிரிவு