உணவுச் சேர்க்கைப் பொருள்கள் தாள், வினா 4: நிறமூட்டிகள் ஒளியிலும் வெப்பத்திலும் (விடைக்குறிப்புடன்)

வினா 4 (20 மதிப்பெண்)

பீட்டானின், குர்க்குமின், டார்ட்ரசின், எரித்ரோசின் ஆகிய நான்கு நிறமூட்டிகளையும் பிஎச் 5.5 உள்ள தாங்கல் கரைசலில் தனித்தனியே கலந்து, நிறமற்ற கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தார்கள். நீரில் கரையாத குர்க்குமினைப் பால்மமாக்கி உதவியுடன் கலந்தார்கள். ஒட்டிய சீட்டுகள் கழன்றுவிட்டதால், எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்பது இப்போது தெரியாது. நிறம் எவ்வளவு மிஞ்சியது என்பது கீழே தொடக்க அளவின் விழுக்காடாகத் தரப்பட்டுள்ளது.

| குப்பி | நிறம் | 90°C, 30 நிமிடம், இருட்டில் | 25°C, 7 நாள், இருட்டில் | 25°C, 7 நாள், வெளிச்சத்தில் |
|---|---|---|---|---|
| 1 | சிவப்பு | 45 | 70 | 40 |
| 2 | மஞ்சள் | 93 | 97 | 8 |
| 3 | மஞ்சள் | 99 | 100 | 97 |
| 4 | இளஞ்சிவப்பு | 98 | 99 | 21 |

(அ) நான்கையும் அடையாளம் காண்க. இரண்டு சிவப்புகளையும் பிரித்தறிய, நிலைப்பைச் சாராத ஓர் எளிய சோதனை கூறுக. (3)

(ஆ) குப்பி 1-இன் வெப்பச் சிதைவு முதல்படி வினை எனக் கொண்டு, 90°C-இல் வேக மாறிலியையும் அரை ஆயுளையும் கணக்கிடுக. 90°C-இல் 10 நிமிடம் சூடாக்கிய பின் ஒரு லிட்டருக்கு 20 மி.கி. நிறமி மிஞ்ச வேண்டுமானால், தொடக்கத்தில் எவ்வளவு சேர்க்க வேண்டும்? (4)

(இ) "இயற்கை நிறங்கள் ஒளியிலும் வெப்பத்திலும் கெடும், செயற்கை நிறங்கள் நிலைக்கும்." அட்டவணையையும் மூலக்கூறு அமைப்பையும் கொண்டு இக்கூற்றை ஆராய்க. (8)

(ஈ) பின்வருவனவற்றுக்கு நிறமூட்டி பரிந்துரைத்துக் காரணம் கூறுக: சமையல் சோடா சேர்த்துச் சுடும் இளஞ்சிவப்பு பிஸ்கட், இளஞ்சிவப்பு ஐஸ்கிரீம், வைட்டமின் சி சேர்த்து நிறமற்ற குப்பியில் விற்கும் மஞ்சள் பானம். (5)

மாதிரி விடையும் திருத்துவோருக்கான குறிப்பும்

(அ) குப்பி 1 பீட்டானின், 2 குர்க்குமின், 3 டார்ட்ரசின், 4 எரித்ரோசின்.

மஞ்சள் இரண்டையும் பிரிப்பது வெளிச்சம்: 8-க்கும் 97-க்கும் இடையே குழப்பத்துக்கு இடமில்லை. சிவப்புகளில்தான் பலர் சறுக்குவார்கள். வெளிச்ச நிரலை மட்டும் பார்த்து, 40 மிஞ்சியதைச் செயற்கை என்றும் 21 மிஞ்சியதை இயற்கை என்றும் எழுதிவிடுவார்கள். இங்கே பார்க்க வேண்டியது வெப்ப நிரல். 90°C-இல் பாதிக்கு மேல் போனது பீட்டானின். அசையாமல் நின்றது எரித்ரோசின்.

சோதனை: கரைசலின் பிஎச்-ஐ 3-க்குக் கொண்டுவந்தால் எரித்ரோசின் கரையாத அமில வடிவமாகிப் படிந்துவிடும், பீட்டானின் கரைந்தபடி சிவப்பாகவே இருக்கும். உறிஞ்சல் உச்சத்தை அளக்கலாம் என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. பீட்டானினுக்கு அது 535 நானோமீட்டர் அளவிலும் எரித்ரோசினுக்கு 527 அளவிலும் வரும். ஒரு சாதாரணக் கருவியில் அந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது.

அடையாளத்துக்கு 2, சோதனைக்கு 1.

(ஆ) வேக மாறிலி k = ln(100/45) ÷ 30 = 0.7985 ÷ 30 = நிமிடத்துக்கு 0.0266.

அரை ஆயுள் = 0.693 ÷ 0.0266 = 26 நிமிடம்.

10 நிமிடத்தில் மிஞ்சும் பங்கு = e^(−0.266) = 0.766. ஆகவே தொடக்கத்தில் தேவையானது 20 ÷ 0.766 = லிட்டருக்கு 26.1 மி.கி.

30 நிமிடத்தில் 55 போனால் 10 நிமிடத்தில் 18.3 போகும் என்று நேர்க்கோட்டில் வகுப்பவர்களுக்கு 24.5 மி.கி. வரும். முதல்படி வினை என்று வினாவிலேயே சொல்லியிருப்பதால் அதற்குக் கடைசி 2 மதிப்பெண்ணும் கிடையாது. வேக மாறிலியைத் தவறாகக் கணக்கிட்டு, அதை வைத்து மீதியைச் சரியாகச் செய்தவருக்கு வழிமுறைக்கான மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.

(இ) ஒரு நல்ல விடை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

அட்டவணையே இக்கூற்றுக்கு ஒத்துவரவில்லை. குர்க்குமின் இயற்கை நிறமிதான். ஆனால் 90°C-இல் அரை மணி நேரம் இருந்தும் 93 விழுக்காடு மிஞ்சியிருக்கிறது. எரித்ரோசின் செயற்கை, ஆனால் ஒரு வார வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். வெப்பம் தாங்குவது வேறு, ஒளி தாங்குவது வேறு. ஒன்றைத் தாங்குகிறது என்பதால் மற்றதையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. நான்கில் இரண்டையும் தாங்கியது டார்ட்ரசின் மட்டுமே.

வெப்பத்தில் நடப்பது பெரும்பாலும் பிணைப்பு உடைதல். பீட்டானின் மூலக்கூறின் இரு பகுதிகளையும் இணைப்பது ஒரு கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு. சூட்டில் நீர் அதைத் தாக்கிப் பிளக்கும். ஒருபுறம் மஞ்சள் நிற பீட்டாலாமிக் அமிலம், மறுபுறம் சர்க்கரை ஒட்டிய நிறமற்ற சைக்ளோ-டோபா. சிவப்பு மங்கி மஞ்சள் கலந்த பழுப்பு தட்டுவது இதனால்தான். இந்த வினை ஓரளவு திரும்பக்கூடியது: கரைசலைக் குளிரவைத்து வைத்திருந்தால் இரு துண்டுகளும் மீண்டும் கூடிக் கொஞ்சம் சிவப்பு திரும்பும். குர்க்குமினிலும் டார்ட்ரசினிலும் எரித்ரோசினிலும் இந்த பிஎச்-இல் நீர் இவ்வளவு எளிதாகப் பிளக்கும் இடம் இல்லை. குர்க்குமினின் பலவீனம் காரத்தில்தான் வெளிப்படும், 5.5-இல் அது பாதுகாப்பாக இருக்கிறது.

வெளிச்சத்தில் கதை வேறு. குர்க்குமினும் டார்ட்ரசினும் ஏறத்தாழ ஒரே அலைநீளத்தில், 425 நானோமீட்டரை ஒட்டித்தான் ஒளியை உறிஞ்சுகின்றன. அதாவது இரண்டும் வாங்கும் அடி ஒன்றேதான். வாங்கிய ஆற்றலை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. டார்ட்ரசின் அதை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் வெப்பமாக்கி வெளியேற்றிவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். குர்க்குமின் கிளர்ந்த நிலையில் இருக்கும்போது இரு வளையங்களுக்கும் நடுவிலுள்ள சங்கிலி வினைபுரிந்து, வெனிலின் போன்ற சிறிய, நிறமற்ற துண்டுகளாகிவிடும்.

எரித்ரோசினைக் கெடுப்பது அதிலுள்ள நான்கு அயோடின் அணுக்கள். இந்தக் கனமான அணுக்கள் கிளர்ந்த மூலக்கூறை நீண்ட ஆயுள் கொண்ட மும்மை நிலைக்குத் தள்ளுகின்றன. அந்த நிலையில் அது பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்கு ஆற்றலைக் கைமாற்றி ஒற்றை நிலை ஆக்சிஜனை உண்டாக்கும். அந்த ஆக்சிஜன் நிறமியையே தாக்கும். ஒளியில் அயோடினும் ஒவ்வொன்றாகக் கழன்று, இளஞ்சிவப்பு வெளிறும். ஆய்வகத்தில் செய்தார்கள் என்பதால் ஒளியில் நிலைக்கும் என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. மற்றொரு செயற்கை நிறமான இண்டிகோ கார்மினும் ஒளியில் எளிதில் மங்கும்.

பீட்டானினின் வெளிச்ச எண்ணை அப்படியே படிக்கக் கூடாது. இருட்டிலேயே 70-க்கு இறங்கியிருக்கிறது. ஆகவே ஒளியின் பங்கை மட்டும் பிரித்தால் 40 ÷ 70 = 0.57. ஒளியால் போனது 43 விழுக்காடு, 60 அல்ல. எரித்ரோசினுக்கு இதே கணக்கு 21 ÷ 99 = 0.21. ஒளியை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே இயற்கை நிறமிதான் மேல்.

அட்டவணைக்கு வெளியே போனால் கார்மினைச் சொல்லலாம். பூச்சியிலிருந்து எடுப்பது, ஆனால் வெப்பம், ஒளி இரண்டையும் பல செயற்கைச் சிவப்புகளுக்கு இணையாகத் தாங்கும். கரமலும் அப்படித்தான். ஆந்தோசயனின்களில் சிவப்பு முட்டைக்கோஸ், கருங்கேரட் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் அமிலத் தொகுதிகள் ஒட்டியவை. அந்த ஒட்டு வளையத்தின்மேல் மடிந்து நீர் நெருங்காமல் காப்பதால் மற்றவற்றைவிட நன்றாக நிலைக்கும். ஆக, கூற்று ஒரு போக்கைச் சொல்கிறது, விதியை அல்ல. பீட்டானின், குளோரோபில், ஸ்பைருலினாவின் நீலம் போன்றவற்றை மட்டும் வைத்துப் பார்த்தவருக்கு அது உண்மையாகவே தோன்றும்.

மதிப்பெண் பிரிவு: வெப்பத்தையும் ஒளியையும் தனித்தனியே அணுகியதற்கு 2, பீட்டானினின் பிளவுக்கு 2, குர்க்குமின், எரித்ரோசின் இரண்டில் ஒன்றின் ஒளிச்சிதைவைக் காரணத்தோடு விளக்கியதற்கு 2, இருட்டுக் கட்டுப்பாட்டைக் கணக்கில் கொண்டதற்கு 1, அட்டவணைக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டுக்கு 1. உடல்நலம், ஒவ்வாமை, நுகர்வோர் விருப்பம் என்று பக்கம் நிரப்பியிருந்தால் கடந்து போகவும். அவை முக்கியமானவைதான், ஆனால் இங்கே கேட்கவில்லை.

(ஈ) *பிஸ்கட்:* கார்மின். அடுப்பின் சூட்டைத் தாங்கும். சோடாவின் காரத்தில் சற்று நீலம் கலந்த சிவப்பாகும், ஆனால் அழியாது. பீட்டானின் அடுப்பிலேயே பழுப்பாகிவிடும். ஆந்தோசயனின் காரத்தில் நீலம் தட்டிச் சாம்பல் நிறமாகும். எரித்ரோசின் என்று எழுதி, ஒளி புகாத உறை வேண்டும் என்று நிபந்தனையும் சேர்த்தால் முழு மதிப்பெண் தரலாம். நிபந்தனை இல்லாமல் எழுதினால் பாதி. (1½)

*ஐஸ்கிரீம்:* பீட்டானின். நடுநிலையை ஒட்டிய பிஎச், உறைகுளிர், பெரும்பாலும் இருட்டு என அதற்குப் பிடித்த எல்லாமே இங்கே இருக்கின்றன. பாஸ்டரைஸ் செய்த கலவை ஆறிய பிறகு சேர்க்க வேண்டும் என்பதைக் கட்டாயம் எதிர்பார்க்கவும். (1½)

*பானம்:* பால்மமாக்கிய பீட்டா-கரோட்டீன். டார்ட்ரசின் என்று கை தானாக எழுதும், அட்டவணையில் 97 இருக்கிறதே! ஆனால் அந்தக் கரைசலில் வைட்டமின் சி இல்லை. வைட்டமின் சி ஓர் ஒடுக்கி. அது அசோ பிணைப்பை ஒடுக்கி டார்ட்ரசினின் நிறத்தை மங்கச் செய்யும், வெளிச்சம் பட்டால் வேகம் கூடும். பீட்டா-கரோட்டீனுக்கோ எதிரி ஆக்சிஜனேற்றம். அங்கே அதே வைட்டமின் சி காவலாக நிற்கும். குர்க்குமின் நிறமற்ற குப்பியில் நிற்காது என்பதற்கு அட்டவணையின் 8 போதும். (2)

டார்ட்ரசின் எழுதியவர் வைட்டமின் சி-யின் பாதிப்பைக் குறிப்பிட்டுக் குப்பியை ஒளி புகாததாக மாற்றச் சொன்னால் 1 தரவும். குப்பியை மாற்ற வினா இடம் தரவில்லை என்பதால் 2 இல்லை.