மாணவர் கல்விச் சுற்றுலா: குழு விபத்து, பயணக் காப்பீட்டுக்கான முன்மொழிவு

மணப்பாறை,
19.01.2026

அனுப்புநர்:
தலைமையாசிரியர், அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி, மணப்பாறை, திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர், பொதுக் காப்பீட்டு நிறுவனம், திருச்சிராப்பள்ளி.

பொருள்: இராமேசுவரம் – திருச்செந்தூர் – கன்னியாகுமரி மூன்று நாள் சுற்றுலா, 100 பேருக்கு விபத்துக் காப்பீடு கோருதல்.

ஐயா,

எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை 06.02.2026 வெள்ளி முதல் 08.02.2026 ஞாயிறு வரை கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி ஆணையும் பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களும் கையில் உள்ளன. பிப்ரவரி 1 தைப்பூசம். அதையொட்டிய நாட்களில் எங்கள் வட்டாரச் சாலைகளில் விடிய விடியப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும் என்பதால் பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

செல்வோர்: மாணவர் 84 (பெண்கள் 46, ஆண்கள் 38), ஆசிரியர் 8 (அவர்களில் 5 பேர் பெண்கள்), செவிலியர் 1, அலுவலக உதவியாளர் 1. ஆக 94. இரண்டு பேருந்துகளின் ஓட்டுநர் 4, கிளீனர் 2 சேர்த்து மொத்தம் 100.

பேருந்துக்கு ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். அது வாகன உரிமையாளரின் பொறுப்புக்கானது. அதில் முழு இழப்பீடு பெறப் பெரும்பாலும் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, ஓட்டுநரின் தவறை நிறுவி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோயில் படியில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் அந்தப் பாலிசி பக்கத்திலேயே வராது. யார் தவறு என்று பாராமல் கிடைக்கும் தனிப் பாலிசியை நாங்கள் கேட்பது அதனால்தான்.

கோரும் காப்பு

விபத்து மரணம், நிரந்தர முழு ஊனம்: மாணவருக்குத் தலா 2 லட்சம், பெரியவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய். மொத்தக் காப்பீட்டுத் தொகை 2 கோடியே 48 லட்சம். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் இழப்புக்கு 50 சதவீதமும், மற்ற பகுதி ஊனங்களுக்குப் பாலிசி அட்டவணைப்படியும். வாராந்திர வருமான இழப்பீடு மாணவருக்குப் பொருந்தாது. அதை நீக்கிவிட்டு அந்தப் பிரீமியத்தைக் கீழுள்ள மருத்துவச் செலவில் சேர்த்துத் தரவும்.

விபத்தால் மருத்துவமனையில் சேர்ந்தால் தலா 50,000 ரூபாய். சேராமல் பார்க்கும் சிகிச்சைக்குத் தலா 5,000. இந்தச் சிறிய தொகைதான் எங்களுக்கு முக்கியம். சுற்றுலாவில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் நான்கு தையல், ஒரு எக்ஸ்ரே, மாவுக்கட்டு. 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை இருந்தால் இவற்றில் ஒன்றுக்கும் காசு வராது.

உணவு ஒவ்வாமை, வயிற்றுப்போக்கு ஆகியவை விபத்தில் சேரா என்பது தெரியும். திடீர் நோய்க்கான கூடுதல் காப்பாகத் தலா 25,000 வேண்டும். பாம்புக்கடி, பூச்சிக்கடி, நீரில் மூழ்குதல், படகுப் பயணம் ஆகிய நான்கையும் பாலிசியில் பெயர் சொல்லி எழுதித் தரவும். வாய்மொழியாக "கவர் ஆகும்" என்பது கிளெய்ம் நேரத்தில் உதவாது.

காலம்: 06.02.2026 அதிகாலை 3 மணி முதல் 09.02.2026 காலை 6 மணி வரை. வண்டி பழுதானால் கூடுதலாக 24 மணி நேரம் தானாக நீடிக்க வேண்டும்.

பயண விவரம்

வெள்ளி: காலை 5 மணிக்குப் புறப்பாடு. துவரங்குறிச்சி, மதுரை, இராமநாதபுரம் வழியாகச் சுமார் 260 கி.மீ. காலை உணவு மதுரைக்கு அருகில். பகல் 12 மணியளவில் பேக்கரும்பு அப்துல் கலாம் நினைவிடம். மதிய உணவுக்குப் பின் தனுஷ்கோடி, 1964 புயலில் அழிந்த ஊரின் எச்சங்கள், அரிச்சல்முனை. மாலை 4:30க்குப் பேருந்து அங்கிருந்து திரும்பிவிடும். இரவு இராமேசுவரம்.

சனி: காலையில் கோயில் தரிசனம் மட்டும். 22 தீர்த்த நீராடல் கிடையாது. கிணற்றுக்குக் கிணறு ஈரத்தோடு கூட்டமாக ஓடும்போது கல்தரை வழுக்கும். 84 பிள்ளைகளை அதில் கண்காணிக்க முடியாது. 9:30க்குப் புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி, திருச்செந்தூர் (மாலை 4 மணி), கன்னியாகுமரி (இரவு 8 மணி). சுமார் 300 கி.மீ.

ஞாயிறு: சூரிய உதயம், பின்னர் பூம்புகார் கப்பல் கழகப் படகில் விவேகானந்தர் பாறை. கண்ணாடிப் பாலம் வழியே திருவள்ளுவர் சிலை. ஒரே படகில் எல்லாரும் ஏற மாட்டார்கள். இரண்டு குழுக்களாக, வெவ்வேறு படகில். உயிர்காப்பு உடை அணியாமல் ஒருவரும் ஏறக் கூடாது. கடல் கொந்தளித்துப் படகு நிறுத்தப்பட்டால் காத்திருக்காமல் காந்தி மண்டபம் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். 11:30க்குப் புறப்பாடு, திருநெல்வேலி, மதுரை வழியாக இரவு 8:30க்குள் பள்ளி.

எந்த நாளும் இரவு 10 முதல் காலை 5 வரை வண்டி ஓடாது. பேருந்துக்கு இரண்டு ஓட்டுநர். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கைமாற்றம், ஒருவருக்கும் நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் இல்லை. ஓட்டுநர்கள் பேருந்திலேயே தூங்குவது வழக்கம். அதைத் தவிர்க்கத் தங்குமிடத்தில் அவர்களுக்குத் தனி அறை எடுத்துள்ளோம். பேருந்துகள் 52 இருக்கை கொண்டவை, ஒவ்வொன்றிலும் 47 பயணிகள். பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிம நகல்கள் இணைப்பில். அவசர வழிக் கதவு உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்கிறதா என்று புறப்படும் முன் ஆசிரியர் ஒருவர் திறந்து பார்ப்பார்.

கண்காணிப்பு

ஆறு குழுக்கள், குழுவுக்கு 14 பேர், ஒரு ஆசிரியர். மாணவியர் பெரும்பான்மையாக உள்ள குழுக்களுக்குப் பெண் ஆசிரியரே பொறுப்பு. மீதி இரு ஆசிரியர்கள் பேருந்துக்கு ஒருவராக, குழுப் பொறுப்பின்றி, மருத்துவமனைக்குப் போகவும் போலீசோடு பேசவும் தயாராக இருப்பார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பேருந்துவாரியாக ஓர் எண். வண்டி கிளம்பும் முன் "எல்லாரும் வந்தாச்சா?" என்ற கேள்வி இல்லை, 1 முதல் 42 வரை அவரவர் எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். ஒரு எண் விட்டாலும் சாவி திருப்பப்படாது. அடையாள அட்டையில் இரத்த வகை, பெற்றோர் கைபேசி எண், பொறுப்பாசிரியர் எண் இருக்கும்.

கடலில் கால் நனைக்க மட்டும் அனுமதி, அதுவும் ஆசிரியர் கயிறு பிடித்து நிற்கும் இடத்தில், முழங்காலுக்குக் கீழ். அரிச்சல்முனையில் அதுவும் இல்லை. நீரோட்டம் இழுக்கும் இடம். இரவு 9:30க்கு அறைவாரியாகக் கணக்கெடுப்பு, பெண்கள் தளத்தில் இரண்டு ஆசிரியைகள் முறை வைத்து விழித்திருப்பர்.

வெளிப்படுத்த வேண்டியவை: மாணவரில் இருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்கு வலிப்பு, ஒருவருக்கு இன்சுலின் ஊசி. மருத்துவர் கடிதங்கள் இணைப்பில். இன்சுலின் குளிர்ப்பையும் இன்ஹேலரும் செவிலியர் பொறுப்பில் பேருந்துக்குள்ளேயே இருக்கும், டிக்கியில் அல்ல.

நீங்கள் செய்து தர வேண்டியவை

பெயர்ப் பட்டியலை ஆதார் எழுத்துக்கூட்டலிலேயே தருகிறோம். முதலெழுத்து முன்பின் மாறினால் கிளெய்ம் நிற்கும் என்பதால் பாலிசியோடு பட்டியல் நகலும் முத்திரையிட்டுத் தரவும். கடைசி நேரத்தில் ஒரு பிள்ளை வராமல் இன்னொருவர் சேர்ந்தால், 05.02.2026 பகல் 12 மணி வரை எண்டார்ஸ்மெண்ட் செய்யும் வசதி வேண்டும். மாணவர் அனைவரும் 18 வயதுக்குட்பட்டவர். இழப்பீடு பள்ளியின் பெயரில் வராமல் நேராகப் பெற்றோருக்கே போக வேண்டும்.

விபத்து நடந்தால் முதலில் 108, அடுத்து உங்கள் அலுவலகம், 24 மணி நேரத்துக்குள் எழுத்து வடிவில் தகவல். போலீஸ் புகார் நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள், எக்ஸ்ரே ஆகியவற்றை எங்கள் பொறுப்பாசிரியரே சேகரித்துத் தருவார். ஞாயிறன்றும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணைத் தரவும்.

பிரீமியம் முன்கூட்டி வந்து சேராமல் 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி பொறுப்புத் தொடங்காது. ஆகவே 27.01.2026க்குள் விலைக்குறிப்புத் தந்தால் 30.01.2026 அன்று பள்ளிக் கணக்கிலிருந்து செலுத்திவிடுவோம். 04.02.2026 மாலைக்குள் பாலிசி கைக்கு வரவில்லையெனில் பயணம் தள்ளிப்போகும். பேருந்துக்காரரிடமும் தங்குமிடத்திலும் அந்த நிபந்தனையோடுதான் முன்பணம் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

இணைப்பு: பெயர்ப் பட்டியல் (100), அனுமதி ஆணை, பெற்றோர் ஒப்புதல் (84), மருத்துவர் கடிதம் (4), இரு பேருந்துகளின் ஆவணங்கள், தங்குமிட உறுதிக் கடிதம் (2).