பொருள்: அக்டோபர் விற்பனைக்கும் வங்கி வரவுக்கும் 80,390 வித்தியாசம் வந்தது ஏன்

வணக்கம் அண்ணா,

நேற்று போனில் "எண்பதாயிரம் எங்கேதான் போச்சு?" என்று கேட்டீர்கள். கல்லாவில் இருக்கும் தம்பி மேல் உங்களுக்குச் சந்தேகம் இருப்பதும் பேச்சிலேயே தெரிந்தது. இந்த மெயிலைப் படித்து முடிக்கும்வரை அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். தினசரி விற்பனை ரிப்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், கார்டு மிஷின் செட்டில்மென்ட், வவுச்சர் கட்டு, கல்லா நோட்டு எல்லாவற்றையும் வைத்து நாள் நாளாக டிக் அடித்துப் பார்த்துவிட்டேன். காரணம் தெரியாமல் நிற்பது 4,250 மட்டும்தான்.

பில்லிங்கில் பதிவான அக்டோபர் விற்பனை, வரியோடு சேர்த்து, 8,42,300. வங்கியில் வரவான தொகை 7,61,910. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பில் போட்ட நிமிடமே அது விற்பனை. அந்தப் பணம் வங்கிக்கு எப்போது போகும், முழுதாகப் போகுமா, போகவே போகாதா என்பதெல்லாம் வேறு கதை.

கார்டு விற்பனையில்தான் உங்களுக்குக் குழப்பம் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு உதாரணம் சொல்கிறேன், ஸ்டேட்மென்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 13ஆம் தேதி திங்கட்கிழமை 54,010 வரவாகி இருக்கிறது. எந்த நாள் ரிப்போர்ட்டிலும் இந்தத் தொகை கிடையாது. வெள்ளி கார்டு விற்பனை 13,200, சனி 21,900, ஞாயிறு 19,900. மொத்தம் 55,000. வங்கி விடுமுறை முடிந்து மூன்று நாள் பணமும் ஒரே வரியில் வந்திருக்கிறது. அதில் 1.8 சதவீதக் கமிஷன் 990ஐ எடுத்துக்கொண்டு மீதியைத்தான் போட்டிருக்கிறார்கள். இப்படி மாதம் முழுக்க 4,05,000க்குப் பிடித்த கமிஷன் 7,290. இது தொலைந்த பணம் இல்லை, உங்கள் செலவு. அதனால் விற்பனையை 55,000 என்றே முழுதாக எழுதி, 990ஐத் தனியாகச் செலவில் எழுதுகிறேன். வந்ததையே விற்பனை என்று எழுதினால் விற்பனையும் குறைந்து தெரியும், செலவும் கணக்கில் வராமல் போகும்.

மாதக் கடைசியிலும் இதே கதைதான். 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைய கார்டு விற்பனை 18,600, ரொக்கம் 12,450, இரண்டும் நவம்பர் 3ஆம் தேதிதான் வங்கிக்கு வந்தன. ஆக 31,050 அக்டோபர் விற்பனையில் இருக்கிறது, அக்டோபர் ஸ்டேட்மென்டில் இல்லை. அதே மாதிரி செப்டம்பர் 30ஆம் தேதி விற்பனை 14,200 அக்டோபர் 1 அன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

கடன் பில்கள் 24,600. சரக்கு போய்விட்டது, பணம் இன்னும் வரவில்லை. பழைய பாக்கி வசூலானது 9,500, அது வங்கியில் இருக்கிறது, ஆனால் அது அக்டோபர் விற்பனை ஆகாது. ஆர்டருக்கு ஒரு வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ் 5,000மும் அப்படித்தான், சரக்கு கொடுத்துப் பில் போடும்வரை அதை விற்பனையில் சேர்க்க முடியாது. 22ஆம் தேதி சப்ளையர் செக் திரும்பிவிடக் கூடாது என்று நீங்களே 10,000 கட்டினீர்கள், நினைவிருக்கிறதா? பார்க்க விற்பனைப் பணம் மாதிரியே இருக்கிறது. இனிமேல் சொந்தப் பணம் கட்டினால் அன்றே எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

அடுத்து, வங்கிக்குப் போகாமல் கல்லாவிலிருந்தே போன பணம். வவுச்சரோடு இருக்கும் சில்லறைச் செலவு 13,850, அதில் பிரச்சினை இல்லை. சில்லறைத் தட்டுப்பாடு என்று கல்லாவில் கூடுதலாக 2,000 நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அது அங்கேயேதான் இருக்கிறது. பெரிய தொகை வேறொன்று. கல்லா நோட்டில் ஐந்து இடத்தில் பென்சிலால் "முதலாளி" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் தொகை போட்டிருக்கிறது. கூட்டினால் 28,000. உங்கள் கடை, உங்கள் பணம், எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கடைச் செலவாக எழுத முடியாது, உங்கள் சொந்த எடுப்பாகத்தான் போகும். தம்பி அந்தப் பென்சில் குறிப்பைப் போடாமல் விட்டிருந்தால், இந்த 28,000க்கும் நீங்கள் அவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

பில்லிங்கில் இரண்டு தவறுகள். 18ஆம் தேதி 2317, 2318 என்று அடுத்தடுத்து இரண்டு பில், அதே பொருட்கள், அதே 4,850, இரண்டு நிமிட இடைவெளி. கார்டு மிஷின் நடுவில் நின்றுபோனதால் புதுப் பில் போட்டவர்கள் பழையதை ரத்து செய்யவில்லை. பணம் ஒரு முறைதான் வந்திருக்கிறது. இன்னொன்று, திரும்பி வந்த சரக்குக்கு மிஷினில் 3,200 திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், பில்லிங்கில் ரிட்டர்ன் போடவில்லை. இரண்டையும் கழித்தால் சரியான விற்பனை 8,34,250. வரிக் கணக்கில் இதைத்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடக்காத விற்பனைக்கும் வரி கட்டுவீர்கள்.

கூட்டிப் பார்க்க வசதியாக:

விற்பனையில் இருந்து வங்கிக்கு வராதவை: 31,050 + 7,290 + 24,600 + 13,850 + 2,000 + 28,000 + 4,850 + 3,200 = 1,14,840
வங்கிக்கு வந்தும் அக்டோபர் விற்பனை அல்லாதவை: 14,200 + 9,500 + 5,000 + 10,000 = 38,700
விளக்கம் கிடைத்த வித்தியாசம்: 76,140
மீதி: 4,250

இந்த மீதியைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இதில் 300 மாதம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சில்லறைக் குறைவு, விட்டுவிடலாம். பாக்கி 3,950 நான்கே நாளில் விழுந்திருக்கிறது: 6ஆம் தேதி 950, 13ஆம் தேதி 1,100, 20ஆம் தேதி 850, 27ஆம் தேதி 1,050. நான்கும் திங்கட்கிழமை. திருட்டு இப்படி வாரம் தவறாமல் ஒரே கிழமையில், ஏறக்குறைய ஒரே தொகையாக நடப்பது அபூர்வம். திங்கட்கிழமைதானே உங்களுக்குச் சரக்கு இறங்கும்? இறக்கு கூலியைக் கல்லாவிலிருந்து கொடுத்துவிட்டு வவுச்சர் எழுதாமல் விடுகிறார்களோ என்பது என் ஊகம். வவுச்சர் கட்டில் இறக்கு கூலி என்று ஒரு சீட்டுகூட இல்லை, அதனால்தான் கேட்கிறேன். தம்பியிடம் "பணம் ஏன் குறைகிறது" என்று ஆரம்பிக்காமல், "திங்கட்கிழமை கூலி யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு" என்று கேளுங்கள். கூலிதான் என்றால் கூலி வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள், செலவில் எழுதிவிடுகிறேன். இல்லை என்றால் மேற்கொண்டு நேரில் பேசுவோம், மெயிலில் வேண்டாம்.

இந்த வாரத்திலிருந்து இரவு கல்லா மூடும்போது பணத்தை எண்ணி, ரொக்கம், கார்டு, கடன், செலவு, முதலாளி எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, அன்றைய ரிப்போர்ட்டோடு பின் அடித்து வைக்கச் சொல்லுங்கள். பேனாவால். முடிந்தால் அன்றைய ரொக்கத்தை அப்படியே மறுநாள் வங்கியில் கட்டிவிட்டு, செலவுக்குத் தனியாக ஒரு தொகை வையுங்கள். இரண்டும் கலந்தால் அடுத்த மாதமும் எனக்கு இதே மூன்று நாள் வேலை.

நாள் வாரியான எக்செல் ஷீட்டை இணைத்திருக்கிறேன், மஞ்சள் அடித்த வரிகளை மட்டும் பார்த்தால் போதும். 2317 பில்லை ரத்து செய்யவும் 3,200 ரிட்டர்ன் பதியவும் வியாழக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்காளர்